அவர்களால் நீக்கப்பட்டது

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி நாற்பத்தொன்று. அலுவலகத்தின் ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது மேசையில் கிடந்த சோதனைக் கைபேசி. அதன் திரை எரிந்துகொண்டிருந்தது. யாரும் எடுக்காத அழைப்பு ஒன்று அப்போதுதான் முடிந்திருந்தது.

அதில் அச்சம் கொள்ள ஒன்றுமில்லை. ஒவ்வொரு செவ்வாயும் காலையில் எங்கள் சர்வர் தன்னைத் தானே சோதித்துக்கொள்ள அந்தக் கைபேசியை அழைக்கும். எடுத்தால் ஒரு இயந்திரப் பெண்குரல், பிறக்காத ஒரு குழந்தையின் பெயரைச் சொல்லி, நாளை அதற்குத் தடுப்பூசி நாள் என்று நினைவூட்டும். அந்தப் பெயரை வைத்தது நான்தான். சோதனைக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று கேட்டார்கள், சொன்னேன். இரண்டு ஆண்டுகளாக அந்தக் குழந்தைக்கு ஒன்பது மாதம்தான்.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அலுவலகம். மூன்று பேர் வேலை பார்த்தோம். சென்னையில் பெரிய நிறுவனம் ஒன்றிலிருந்து திரும்பி வந்து இதைத் தொடங்கிய முதலாளி, நிரல் எழுதும் பெண், இருபத்தைந்து வயது, கடையநல்லூரிலிருந்து தினமும் பேருந்தில் வருவாள், அப்புறம் நான். திருநெல்வேலியில் ஒரு நாளிதழில் நீண்ட காலம் துணையாசிரியராக இருந்துவிட்டு, அந்தப் பதிப்பு மூடப்பட்ட பிறகு இங்கே வந்தவன். மென்பொருளில் தமிழில் வரும் எல்லாச் சொற்களும் என் பொறுப்பு. தொலைபேசியில் வரும் புகார்களைக் கேட்பதும் நான்தான்.

சுற்று வட்டாரக் கிராமங்களில் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குத் தடுப்பூசி நாளை முன்கூட்டியே அழைத்துச் சொல்லும் மென்பொருள் அது. ஒரு அறக்கட்டளைக்காகச் செய்தோம். புதன்கிழமை ஊசி போடும் நாள் என்பதால் செவ்வாய் காலை பத்து மணிக்கு அழைப்புகள் போகும். குரல் குழந்தையின் பெயரைச் சொல்லும். எந்த ஊசி, எங்கே என்று சொல்லும். முக்கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வருவதாக இருந்தால் ஒன்றை அழுத்த வேண்டும். ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் இரண்டு. மீண்டும் கேட்க ஒன்பது. இரண்டை அழுத்தினால் அதன்பின் அந்த ஊசிக்கு அழைப்பு வராது. ஒன்றை அழுத்திவிட்டு வராமல் போனால் அடுத்த செவ்வாயும் அழைப்பு வரும்.

இந்த வாக்கியங்களைத் திருத்துவதற்கு எனக்கு கிட் என்ற கருவியைக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஒரே கோப்புகளில் பலர் வேலை செய்யும்போது யார் எதை மாற்றினார்கள் என்று கணக்கு வைத்திருப்பது. எல்லோருக்கும் பொதுவானது மெயின் கிளை. நான் என் கிளையில், எனக்கென்று இருக்கும் தனிப் பிரதியில், திருத்துவேன். செவ்வாய் காலையில் மெயினில் நடந்ததை என் கிளைக்குள் இணைத்துச் சரிபார்த்து, பிறகு என்னுடையதை மெயினுக்கு அனுப்புவேன். பத்திரிகைக்காரனுக்கு இது புதிதல்ல. இரண்டு மேசைகளில் திருத்திய ஒரே பக்கத்தை அச்சுக்கு முன் ஒன்று சேர்ப்பதுதான்.

அன்று இணைக்கும் கட்டளையைக் கொடுத்ததும், முடிந்தது என்று வர வேண்டிய இடத்தில் வேறொரு வரி வந்தது. மோதல், மாற்றமும் நீக்கமும். குறிப்பிட்ட ஒரு கோப்பு மெயினில் நீக்கப்பட்டிருக்கிறது, என் கிளையில் மாற்றப்பட்டிருக்கிறது, என்னுடைய பிரதி அப்படியே விடப்பட்டிருக்கிறது. நிலவரம் என்ன என்று கேட்டேன். கோப்பின் பெயருக்கு முன்னால் ஆங்கிலத்தில் மூன்றே சொல்: அவர்களால் நீக்கப்பட்டது.

அந்த 'அவர்கள்' ஒரே ஒரு பெண். அந்நேரம் கடையநல்லூரிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தாள்.

மோதல் எனக்குப் பழக்கம்தான். ஒரே வரியை நானும் அவளும் மாற்றியிருந்தால், கிட் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, கோடு போட்டுக் காட்டும். ஒன்றை எடுத்து ஒன்றை விடலாம். இது அப்படி இல்லை. ஒரு பக்கம் கோப்பு இருக்கிறது. மறுபக்கம் அது இல்லவே இல்லை. ஒப்பிட வரி கிடையாது. இருக்கட்டும் என்றால் ஒரு கட்டளை, போகட்டும் என்றால் இன்னொரு கட்டளை. எதைக் கொடுத்தாலும் கிட் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். நான் அதில் கை வைக்காமல் இருந்திருந்தால் கேட்டே இருக்காது. அவள் நீக்கியதை என் பக்கமும் சத்தமில்லாமல் நீக்கியிருக்கும்.

கை வைத்திருந்தேன். முந்தைய வெள்ளிக்கிழமை, ஒரு வரி.

அந்தக் கோப்பில் இருந்தவை அழைக்கக் கூடாத தொலைபேசி எண்கள். ஒரு எண்ணுக்கு ஒரு வரி, எதிரே சிறு குறிப்பு. தவறான எண். ஊர் மாறிவிட்டார்கள். சர்வர் யாரையும் அழைக்கும் முன் இந்தக் கோப்பைப் பார்த்துவிட்டுத்தான் அழைக்கும் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை ஒருவர் அழைத்தார். திருவேங்கடம் பக்கம், கரிசல்காட்டு ஊர் ஒன்று. ஆடு மேய்ப்பவர். பின்னால் ஆட்டுச் சத்தம் கேட்டது.

"சார், என் வீட்டுக்காரி நம்பருக்கு ஊசி போட வாங்கன்னு போன் வருதுல்லா. அத நிப்பாட்டுங்க."

"ஏன் அண்ணாச்சி, ஊசி போட்டாச்சா?"

"செத்துப்போன புள்ளைக்கு எதுக்கு சார் போன் போடுதிய?"

எண்ணைச் சொன்னார். குறித்துக்கொண்டேன். வருத்தம் தெரிவித்தேன். "அவ ஒரு வாரமா சோறு எறங்காம கெடக்கா சார். இனிமே அது வரப்படாது. வந்துச்சுன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்," என்றார். அது மிரட்டலாகப் படவில்லை. தன்னைப் பற்றிய ஒரு தகவலைச் சொன்ன மாதிரி இருந்தது.

பத்திரிகையில் சாவுச் செய்தியை ஒரே ஆள் தொலைபேசியில் சொல்லி எழுத மாட்டோம். இரண்டாவது ஆளிடம் கேட்போம். அந்த ஊரின் சுகாதாரச் செவிலியரை அழைத்தேன். ஆமாம், காய்ச்சல், மூன்று நாள், பாளையங்கோட்டைக்குக் கொண்டு போகிற வழியில் என்றார். அவர் பதிவேட்டில் எழுதிவிட்டார். அந்தப் பதிவேடு எங்கள் மென்பொருளுக்கு வருவதில்லை. அதுவரை அந்த எண்ணுக்கு மூன்று செவ்வாய்கள் அழைப்பு போயிருந்தது.

கோப்பைத் திறந்து எண்ணைச் சேர்த்தேன். எதிரே 'குழந்தை இறந்துவிட்டது' என்று குறித்தேன். கமிட் செய்து, அதாவது மாற்றத்தைப் பதிந்து, என் கிளையில் ஏற்றினேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். அச்சுக் கோத்த செய்தி வேறு, பக்கத்தில் ஏறிய செய்தி வேறு என்று எத்தனையோ புதியவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய் காலை அந்த வரி கோப்பில் அப்படியே இருந்தது. திறந்து பார்த்தேன். எண், குறிப்பு, எல்லாம். கோப்புறையில் அது இருக்கிறது. மெயினில் அது இல்லை. பத்து மணிக்கு எதைப் பார்த்து அழைப்பு போகும் என்பது எனக்குத் தெரியவில்லை.

முதலாளியை அழைத்தேன். திருநெல்வேலியில் இருந்தார், மகனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக்கொண்டிருந்தார். விவரம் சொன்னேன்.

"ஃபைலை வச்சிருங்க அண்ணாச்சி. வச்சிட்டா சேதம் இல்லை. அழிச்சாத்தான் திரும்ப எடுக்கணும். அவ வந்த பெறவு பாத்துக்கிடலாம்."

"அவ வராம கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னிய?"

அவர் சிரித்தார். "என் சட்டத்த எனக்கே சொல்லுதீரா? சரி, அவ வரட்டும்."

அது எங்கள் அலுவலகத்தின் வழக்கம். மாற்றியவரும் நீக்கியவரும் ஒரே திரைக்கு முன் உட்காராமல் இந்த வகை மோதலை யாரும் தீர்க்கக் கூடாது. நீக்கியவர் எழுந்து மாற்றியவரின் நாற்காலிக்கு வர வேண்டும். நீக்கியதற்குக் காரணம் அவருக்குத்தான் தெரியும் என்பது முதலாளியின் வாதம். கட்டளையைத் தட்டுவதும் நீக்கியவர் இல்லை, மாற்றியவர். சில நாள் இது விளையாட்டாகத் தோன்றும். இரண்டே நாற்காலிகள், எட்டடி தூரம்.

நான் கட்டளை எதுவும் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். கீழே டயர் கடையில் காற்றழுத்தி ஓடத் தொடங்கியது. அது ஓடும்போது மேசை லேசாக நடுங்கும். கைபேசி மறுபடி ஒளிர்ந்தது. சர்வர் இரண்டாவது முறை சோதித்தது. எடுத்தேன். குரல் அந்த இல்லாத குழந்தையின் பெயரைச் சொன்னது. இயந்திரம் பெயர்களை ஒரே மாதிரித்தான் சொல்லும், கடைசி எழுத்தில் கொஞ்சம் இழுத்து, யாரோ வாசலில் நின்று கூப்பிடுவது போல. அதுவரை நான் அதைக் கவனித்ததில்லை. இரண்டை அழுத்தினேன். சோதனை அழைப்பு அதற்கெல்லாம் நிற்காது.

ஒன்பது இருபதுக்கு மேல் அவள் வந்தாள். சாப்பாட்டுப் பையை வைக்கும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு என்னைத் தொந்தரவு பண்ணக் கூடாது. போன வாரம் ஒரு கால் பதினோரு நிமிஷத்துக்கு மேல ஓடியிருக்கு. முக்கா நிமிஷ மெசேஜு. எங்கயோ லூப் ஆகி, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லுது. அதைக் கண்டுபிடிக்காம நான் டீ குடிக்கப் போறதில்ல."

"அதுக்கு முன்னால இங்கன வா. நீ அழிச்ச ஒண்ணு என்கிட்ட நிக்கிது."

திரையைப் பார்த்தாள். "ஓ, இதுவா. அது போயிட்டுதுல்லா. சனிக்கிழமையே எடுத்துட்டேன். குரூப்ல போட்டிருந்தேனே."

போட்டிருந்தாள். 'அழைக்கக் கூடாத எண்களை இனி திரையிலேயே சேர்க்கலாம்' என்று. நல்லது, நான் சேர்த்த எண்ணும் அதில் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

"பொது இடத்துல ஜனங்க போன் நம்பர வைக்கலாமா? இந்த ரெப்போல உள்ள ஃபைல்கள யார் இழுத்தாலும் எல்லா நம்பரும் அவங்க கம்ப்யூட்டருக்குப் போயிரும். அதான் டேட்டாபேஸ் டேபிளுக்கு மாத்திட்டு ஃபைல அழிச்சேன். நியாயம்தான?"

"நியாயம்தான். ஆனா முதலாளி ஃபைல வச்சிருங்கன்னு சொல்லுதார்."

"வச்சுக்கிடுங்க. பூசை பண்ணலாம்." தேடல் பெட்டியில் கோப்பின் பெயரைத் தட்டினாள். நிரல் முழுவதிலும் அந்தப் பெயர் ஒரு இடத்திலும் இல்லை என்று வந்தது. "பாத்தியளா? அத வாசிக்கிற புரோகிராமையும் சனிக்கிழமையே எடுத்தாச்சு. சர்வர்ல ஓடுறது புதுசு. நீங்க ஃபைல வச்சாலும் எவனும் அதைத் திறந்து பாக்க மாட்டான்."

அதைக் கேட்டபோது மணி ஒன்பதரை. கோப்பைக் காப்பாற்றியிருந்தால் அது கண்முன்னே இருந்திருக்கும், என் வரியும் இருந்திருக்கும், பத்து மணிக்கு அந்த வீட்டில் தொலைபேசி ஒலித்திருக்கும்.

"நீ எந்த ஃபைல்ல இருந்து டேபிளுக்கு மாத்தின?"

"மெயின்ல இருந்தது."

"நான் வெள்ளிக்கிழமை ஒரு நம்பர் சேத்தேன். என் கிளையில."

அவள் என்னைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். எங்கள் இரண்டு கிளைகளும் பிரிந்த இடத்திலிருந்து என் கோப்பு எதில் வேறுபடுகிறது என்று கேட்கும் கட்டளையை எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நான் தட்டினேன். கூட்டல் குறியோடு ஒரே வரி வந்தது. எண்ணையும் எதிரே இருந்த குறிப்பையும் படித்தாள்.

"யா அல்லா," என்றாள்.

புதிய திரையைத் திறந்து அந்த எண்ணைச் சேர்த்தாள். குறிப்பு எழுத அதில் இடம் இல்லை. எண் மட்டும்தான். பிறகு ஒத்திகை ஓட்டினாள். அழைக்காமல், யாரையெல்லாம் அழைக்கப்போகிறது என்று மட்டும் காட்டுவது. திருவேங்கடம் பக்கத்து எண்களை நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அது இல்லை. இன்னொரு முறை பார்க்கச் சொன்னாள். இல்லை.

"இப்போ அழிங்க," என்றாள். "வரி அங்கன போயாச்சு. இங்கன இருக்கது வெறும் கூடு."

நீக்கும் கட்டளையை நான் தட்டினேன். இணைப்பை கமிட் செய்தேன். கோப்புறையில் கோப்பு இல்லை.

"பேப்பர்ல வேலை பாத்தவுக. நாள் முச்சூடும் வெட்டுறதுதான உங்க வேலை? ஒரு ஃபைல அழிக்கதுக்கு இப்படி வேர்க்குது?"

"வெட்டினது குப்பைக்கூடையில கிடக்கும். எடுத்துப் பாத்துக்கிடலாம்."

"இதுவும் எங்கயும் போகாது அண்ணாச்சி. பழைய கமிட்ட திறந்தா உங்க வரி அப்படியே நிக்கும். நீங்க வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு எழுதுனீங்கங்கிறது வரைக்கும் இருக்கும். வரலாறையே திருப்பி எழுதுனாத்தான் போகும். அதுக்கும் ஒரு நாள் வேலை இருக்கு."

பத்து மணிக்கு அழைப்புகள் போயின. திரையில் எண்கள் பச்சையாகி மேலே நகர்ந்தன. சிலர் ஒன்று அழுத்தினார்கள், சிலர் எடுக்கவில்லை, ஒருவர் பாதியில் துண்டித்தார். அந்த எண் வரவில்லை. அவள் தேநீர் குடிக்கப் போனாள். லூப்பை மறந்துவிட்டாளா என்று கேட்டேன். அது பிற்பகலுக்கு என்றாள்.

பத்தரை இருக்கும். அலுவலகத் தொலைபேசி ஒலித்தது. சிறு திரையில் வந்த எண்ணை எனக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. அன்று காலையில் அதை அவ்வளவு முறை படித்திருந்தேன்.

பெண்குரல். மெதுவாக, பக்கத்தில் யாரோ தூங்குவது போல.

"சார், ஊசிக்குப் போன் போடுற ஆபீஸா?"

"ஆமாம்மா. சொல்லுங்க."

"இன்னைக்குச் செவ்வாக்கிழமைதான?"

"ஆமா."

"போன் வரல."

உண்மையைச் சொன்னேன். "வேண்டாம்னு உங்க வீட்ல இருந்து சொன்னாங்கம்மா."

"யாரு?"

"குழந்தையோட அப்பா."

தூரத்தில் எங்கோ ஆடு கத்தியது. வெள்ளிக்கிழமை கேட்ட அதே ஆடா என்று தெரியாது.

"அவுகளா சொன்னாக," என்றார். "அவுக எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே. நீங்களும் எங்கிட்ட கேக்கலியே சார். நம்பரு எனக்குள்ளதுல்லா."

"தப்புதாம்மா. நாங்க குழந்தை இறந்தது தெரியாம போன் போட்டுட்டோம். அது உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்..."

"தெரியும் சார். ஒங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சா போட மாட்டியளே. அதான் நான் சொல்லல."

அவரே தொடர்ந்தார்.

"அது பேரச் சொல்லும்லா சார். இங்கன யாரும் சொல்ல மாட்டாக. எங்க அத்தை, அவுக, பக்கத்து வீட்டுக்காரி, ஒருத்தரும். நான் சொன்னாலும் எந்திச்சுப் போயிருதாக. துணிமணி, தொட்டிலு எல்லாத்தையும் எடுத்து எங்கயோ குடுத்துட்டாக. அந்தப் பொம்பள மட்டுந்தான் சொல்லுதா. நல்லா, முழுப் பேரும் சொல்லுதா."

"அது மெஷின்மா."

"அது தெரியும் சார்," என்றார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. "ரெண்ட அமுக்குனா பெறவு வராதுன்னு அதே சொல்லிச்சு. அதான் ஒண்ண அமுக்கிட்டே இருந்தேன். ஒண்ண அமுக்குனா அடுத்த வாரம் வரும்லா."

"ஆமாம்மா."

"இனிமே வராதா?"

அதற்குள் தேநீர் டம்ளரோடு அவள் வாசலில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்து அங்கேயே நின்றாள். நான் ஒலிபெருக்கியைப் போடவில்லை. விசாரித்துவிட்டு அழைக்கிறேன் என்று சொன்னேன். "சாயங்காலம் போடாதிய சார், அவுக இருப்பாக. ரெண்டு மணிக்குள்ள," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

முதலாளி பதினொன்றேகாலுக்கு வந்தார். மூவரும் உட்கார்ந்தோம். என் நாற்காலியைச் சுற்றி, காலையில் இருந்த அதே இடத்தில். டேபிளில் அந்த எண் இருக்க வேண்டுமா, எடுக்க வேண்டுமா.

"எடுத்துருவோம்," என்றாள் அவள். "நம்பர் அவங்களோடது. அவங்க கேக்காங்க. அவர் கேட்டாருன்னு போட்டோம். அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கவே இல்ல."

"செத்த புள்ளைக்கு ஊசி போட வான்னு, தெரிஞ்சே நாம கூப்புடணும்னு சொல்லுதியா?" முதலாளி கேட்டார். குரலில் கோபம் இல்லை. "தெரியாம போட்டது வேற. இன்னைக்கு நமக்குத் தெரியும்லா."

"அவங்களுக்கும்தான் தெரியும்."

"அந்தாளு வீட்டுல இருக்க அன்னைக்கு போன் அடிச்சா? அந்தப் பொண்ணுக்கு என்ன ஆகும்? நீ போய் நிப்பியா?"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நீங்கதான ரெண்டு பேர்கிட்டயும் பேசினிய. சொல்லுங்க."

இரண்டு குரல்களும் என் காதில் இருந்தன. வந்துச்சுன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன். இனிமே வராதா. நான் உறுதிப்படுத்தியிருந்தது சாவை மட்டும்தான். அதை இரண்டு பேரிடம் கேட்டேன். அழைப்பு வேண்டாம் என்பதை ஒருவரிடம்தான் கேட்டிருந்தேன்.

"குழந்தையோட பதிவை மூடணும்," என்றேன். "இறந்துவிட்டதுன்னு. அதை மூடாம வச்சிருக்க நமக்கு உரிமை இல்லை. மூடினா அந்த நம்பர் டேபிள்ல இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான். அழைக்க எதுவும் இருக்காது."

முதலாளி தலையை ஆட்டினார். அவள் ஆட்டவில்லை. ஆனால் பதிவை மூடும் திரையைத் திறந்தவள் அவள்தான். நிலை என்ற இடத்தில் மூன்று தேர்வுகள் இருந்தன. அவள் சுட்டியை என்னிடம் தள்ளினாள். மாற்றியவர்தான் தட்ட வேண்டும். தட்டினேன். பெயர் கறுப்பிலிருந்து சாம்பல் நிறமானது. அழியவில்லை. அந்தத் திரையில் எதுவும் அழியாது.

பிறகு அவள் டேபிளில் இரண்டு புதிய இடங்கள் சேர்த்தாள். ஒன்று குறிப்பு எழுத. இன்னொன்று, கேட்டது யார் என்று எழுத. யாரும் சொல்லாமல் தானாகவே செய்தாள்.

ஒன்றரை மணிக்கு நான் அந்தத் தாயை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். இனி வராது என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன், நாங்கள் பதிவை மூடிவிட்டோம் என்று. அவர் வாதாடவில்லை.

"சரி சார்," என்றார். "நீங்க ஒருக்கா சொல்லுதியளா?"

என்ன கேட்கிறார் என்று புரிய ஒரு நொடி ஆனது. திரையில் சாம்பல் நிறத்தில் இருந்ததைப் பார்த்துப் படித்தேன். முழுப் பெயர். இங்கே எழுதப் போவதில்லை. என் குரலில் அது வேறு மாதிரி இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். "அவ சொல்லுற மாதிரி இல்ல," என்றார். கோபமாக இல்லை. சிரித்தது போலக்கூட இருந்தது. அப்புறம் வைத்துவிட்டார்.

அதன்பின் அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்ததில்லை. சில செவ்வாய்களில் பத்தரை மணிக்குத் தொலைபேசி ஒலிக்கும்போது அவள் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் எண்ணைப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையசைப்பேன். சோதனைக் கைபேசியை மேசையிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டோம். அலமாரிக்குள்ளிருந்து அது அடிக்கும். பெயரை மாற்றலாமா என்று முதலாளி ஒருமுறை கேட்டார். பெயர் அப்படியே இருக்கிறது.

அன்று பிற்பகல், டயர் கடைக் காற்றழுத்தி நின்ற பிறகு, அவள் முந்தைய வாரத்து அழைப்புப் பதிவைத் திறந்து லூப்பைத் தேடத் தொடங்கினாள். நிரலில் லூப் எதுவும் இல்லை. பதினோரு நிமிடத்துக்கு மேல் ஓடிய அழைப்பு திருவேங்கடம் பக்கத்து அந்த எண்ணுக்குப் போனது. அதில் பதினான்கு முறை, மீண்டும் கேட்க, ஒன்பது அழுத்தப்பட்டிருந்தது. கடைசியாக ஒன்று.